பொட்டாசியம் 6.9 என்று போன் வந்தால்: ரத்தப் பரிசோதனை அட்டைகளை வார்டுக்கு உதவும்படி தயாரிப்பது எப்படி?

மதுரையில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளிடம் பரீட்சை நேரத்தில் ஒரு கட்டு அட்டை இருக்கும். முன்பக்கம் "பொட்டாசியம்", பின்பக்கம் "3.5 முதல் 5.0". அடுத்த அட்டையில் "சோடியம்", "135 முதல் 145". மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் நைட் டியூட்டியில் லேப்பிலிருந்து போன் செய்கிறவர், "பொட்டாசியம் நார்மல் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்பதில்லை. "பன்னிரண்டாம் பெட், பொட்டாசியம் 6.9" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த எண்ணைக் கேட்டதும் கால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், கை எதை எடுக்க வேண்டும் என்பதுதான் அட்டையில் இருக்க வேண்டும்.

எல்லாப் பரிசோதனையையும் ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் இங்கே பொட்டாசியத்தை மட்டும் எடுத்து, அதற்கான அட்டைகளை முழுதாகத் தயாரித்துப் பார்ப்போம். பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஏறினாலும் இறங்கினாலும் இதயத்தை நிறுத்தக்கூடியது அது. ரத்தம் எடுத்த விதம் சரியில்லை என்றால் பொய்யாகவும் ஏறிக் காட்டும். கொடுக்கிற மருந்தே ஆளைக் கவிழ்க்கும் அபாயமும் அதில்தான் அதிகம். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவற்றுக்கு அதே அச்சு போதும்.

முதல் படி: அட்டையின் முன்பக்கம்

முன்பக்கத்தில் பரிசோதனையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். எண்ணையும் ஆளையும் சேர்த்து எழுதுங்கள். "பொட்டாசியம் 6.9. சர்க்கரை, கிட்னிப் பிரச்சினை உள்ளவர். கால் அசந்து வருது என்கிறார்." இப்படி. அதே 6.9 நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை வேறாகிவிடும். ஆள் இல்லாத எண்ணை மனப்பாடம் செய்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

நார்மல் அளவை பின்பக்கத்தின் மூலையில் சிறிதாக எழுதினால் போதும். ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிஈக்விவலென்ட். சில லேப் 5.1 வரையும், சில 5.5 வரையும் நார்மல் என்று அச்சடிக்கும். நீங்கள் வேலை செய்யும் இடத்து ரிப்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள். எந்த அளவுக்கு மேல் லேப் உடனே போன் செய்ய வேண்டும் என்ற பட்டியலும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதை வார்டு இன்சார்ஜிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பின்பக்கத்தில் நான்கு வரி

பின்பக்கத்தில் பாடம் எழுத இடம் கிடையாது. நான்கே வரிதான்: பார், சரிபார், சொல், தயார் செய்.

"பார்" என்பது நோயாளியை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போடுவதற்கு முன், பெட்டுக்குப் போய் நாடி, பிரஷர், மூச்சு, நினைவு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். "சரிபார்" என்பது இந்த எண் உண்மையா என்று. "சொல்" என்றால் யாருக்கு, எத்தனை நிமிடத்துக்குள், என்ன வார்த்தையில். "தயார் செய்" என்பது உத்தரவு வருவதற்குள் டிராலியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது. மருந்து கொடுப்பது இந்த நான்கில் இல்லை, கவனியுங்கள். அது உத்தரவு வந்த பிறகு நடப்பது, அதற்குத் தனி அட்டை.

ஒரு விதிவிலக்கு. கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தி வைப்பது "பார்" வரியிலேயே வந்துவிடும். பொட்டாசியம் 6.9 உள்ளவருக்குப் பொட்டாசியம் குளோரைடு கலந்த ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. ராத்திரி டோஸ் ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை பாக்கி இருந்தால், டாக்டரைக் கேட்கும்வரை கொடுக்காமல் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: உயர்ந்த பொட்டாசியம், ஒரு கேஸ்

அட்டையில் என்ன எழுதுவது என்று தெரிய, ஒரு கேஸை நேரவாரியாக ஓட்டிப் பார்ப்பதுதான் நல்ல வழி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த 58 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை உண்டு, கிரியாட்டினின் 3.8. டெல்மிசார்டனும் ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வாந்தி, சோர்வு. தெம்பு வரட்டும் என்று வீட்டில் இளநீராகக் கொடுத்திருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது.

இரவு 11.10. லேப்பிலிருந்து போன். நோயாளி பெயர், ஐபி நம்பர், பொட்டாசியம் 6.9. இதைக் கேட்டதும் எழுதி, எழுதியதை அவரிடமே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். போன் செய்தவர் பெயரும் நேரமும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். "மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருக்கிறதா?" என்று, அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறதா என்று, அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு திரும்பக் கூப்பிட்டால் லைன் கிடைக்காது.

11.12. பெட். "என்னய்யா பண்ணுது?" என்றால், "காலு ரெண்டும் அசந்து வருதும்மா, எந்திரிக்கவே முடியல" என்கிறார். நாடி 48, பிரஷர் 100/60. மானிட்டர் மாட்டி, பன்னிரண்டு லீட் ஈசிஜி ஒன்று எடுக்க வேண்டும். டி அலை கூடாரம் அடித்த மாதிரி உயர்ந்து கூராக நின்றால் அது பொட்டாசியத்தின் முதல் கையெழுத்து. அடுத்து பி அலை தட்டையாகும், கியூஆர்எஸ் அகலமாகும். கியூஆர்எஸ் அகன்றுவிட்டது என்றால் நேரம் குறைவு. ஈசிஜி நார்மலாக இருக்கிறது என்று மட்டும் நம்பி உட்காரவும் கூடாது. பொட்டாசியம் ஏறியிருந்தும் ஈசிஜி வாயைத் திறக்காத கேஸ்கள் நிறைய உண்டு.

11.16. டியூட்டி டாக்டருக்குப் போன். "சார், பன்னிரண்டாம் பெட், கிட்னிப் பிரச்சினை உள்ளவர், பொட்டாசியம் 6.9, ஹீமோலைஸ் ஆகவில்லை என்று லேப்பில் சொல்கிறார்கள். நாடி 48, பிரஷர் 100/60, ஈசிஜியில் டி அலை உயர்ந்து கியூஆர்எஸ் அகலமாக இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் நிறுத்தி வைத்திருக்கிறேன். உடனே வந்து பாருங்கள்." இவ்வளவுதான். "சார், பொட்டாசியம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்று இழுத்தால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். போனில் சொல்ல வேண்டிய இந்த வாக்கியத்தையும் ஒரு அட்டையின் பின்னால் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

டாக்டர் வருவதற்குள் டிராலி தயாராக வேண்டும். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, ரெகுலர் இன்சுலின், அதற்குரிய சிரிஞ்சு, சால்பூட்டமால் ரெஸ்ப்யூலும் நெபுலைசரும், குளுக்கோமீட்டர். கூடவே வென்ஃப்ளான் நன்றாக ஓடுகிறதா என்று சலைன் விட்டுப் பார்க்க வேண்டும். கால்சியம் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் புண்ணாகிவிடும்.

இந்த மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதை ஒரே அட்டையில் அடைத்தால் குழம்பும், மூன்று அட்டையாகப் பிரியுங்கள்.

கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது. இதயத் தசையைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வழக்கமாக 10 மில்லியை மானிட்டரைப் பார்த்தபடியே சில நிமிடங்களில் மெதுவாகப் போடுவார்கள். ஓரிரு நிமிடத்தில் பலன் தெரியும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும். போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஈசிஜி மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். கியூஆர்எஸ் இன்னும் அகலமாகவே இருந்தால் டாக்டர் இன்னொரு டோஸ் சொல்லலாம். டிகாக்சின் சாப்பிடுகிறவர் என்றால் கால்சியம் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சோடியம் பைகார்பனேட் போகிற அதே லைனில் கால்சியம் போட்டால் சுண்ணாம்பாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். வழக்கமான டோஸ் 10 யூனிட் ரெகுலர் இன்சுலின், கூடவே 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். 25 சதவீதம் 100 மில்லி பாட்டில் ஒன்று சரியாக 25 கிராம். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் வேலை தொடங்கும், நாலிலிருந்து ஆறு மணி நேரம் இருக்கும். அப்புறம் பொட்டாசியம் மறுபடி ஏறும், ஏனென்றால் அது உடம்பை விட்டு எங்கும் போகவில்லை.

சால்பூட்டமாலும் செல்லுக்குள் தள்ளுகிற மருந்துதான். ஆனால் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் அளவு இதற்குப் போதாது. 10 மில்லிகிராமிலிருந்து 20 வரை, அதாவது 2.5 மில்லிகிராம் ரெஸ்ப்யூல் நாலாவது வேண்டும். உத்தரவில் 10 என்று பார்த்ததும் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து ஒன்றை மட்டும் ஊற்றுவது நடக்கிறது. சந்தேகம் வந்தால் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். நாடி வேகம் கூடும், இதய நோய் உள்ளவர் என்றால் அதை டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

இன்சுலின் சிரிஞ்சுக்கு ஒரு தனி அட்டை

இது வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்காது, நம் ஊரில் அவசியம் வேண்டும். நம்மிடம் மில்லிக்கு 40 யூனிட் வயலும் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. இரவு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

40 யூனிட் வயலில் 10 யூனிட் என்றால் 0.25 மில்லி. அதையே 100க்கு உரிய சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் 0.1 மில்லிதான் வரும், நோயாளிக்குப் போவது 4 யூனிட். பொட்டாசியம் இறங்காது, ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள். மாறிப்போனால் இன்னும் மோசம். 100 யூனிட் வயலில் 40க்கு உரிய சிரிஞ்சைப் போட்டு 10 கோடு வரை இழுத்தால் 25 யூனிட். அட்டையின் முன்பக்கம்: "இன்சுலின் 10 யூனிட், கையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. வயலில் என்ன பார்ப்பாய்?" பின்பக்கம்: "மில்லிக்கு எத்தனை யூனிட் என்று வாசி. 40 என்றால் சிரிஞ்சை மாற்று. இன்னொரு ஸ்டாஃபிடம் காட்டிவிட்டுப் போடு."

நம் கேஸுக்குத் திரும்புவோம். 11.25க்கு இன்சுலின் போயாயிற்று. முன்னால் பார்த்த சர்க்கரை 142. கிட்னி கெட்டவருக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், டெக்ஸ்ட்ரோஸோ ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். அதனால் சர்க்கரை இறங்குவது போட்டவுடன் இல்லை, எல்லோரும் "அப்பாடா" என்று உட்காரும் நேரத்தில்தான். முதல் மணி நேரத்தில் இரண்டு மூன்று முறையும், அதற்குப் பின் மணிக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் வரையும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். நம்மவருக்கு 1.30க்குப் பார்த்தால் 62. நெற்றி வியர்த்திருக்கிறது, கேட்டால் தூக்கம் வருகிறது என்கிறார். உடனே டாக்டருக்குச் சொல்லி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மறுபடி போட்டு, கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வெறுமனே தூங்குகிறார் என்று விட்டிருந்தால் விடியும்போது பொட்டாசியம் சரியாக இருந்திருக்கும், ஆள் எழுந்திருக்க மாட்டார்.

பொட்டாசியத்தை ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரும்ப அனுப்ப வேண்டும். 5.9 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கியது சரி, ஆனால் இது கடன் வாங்கிய நேரம். உண்மையாக வெளியேற்றுவது மூன்று வழியில்: சிறுநீர் போகிறவருக்கு ஃப்ரூசமைடு, குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் பவுடர், இல்லையென்றால் டயாலிசிஸ். ஆகவே சிறுநீர் அளவு மணிக்கு ஒருமுறை சார்ட்டில் ஏற வேண்டும், டயாலிசிஸ் யூனிட்டுக்குத் தகவல் போய்விட்டதா என்று டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். டயாலிசிஸுக்குப் போகக்கூடியவர் என்பதால் ரத்தம் எடுப்பதும் ஊசி குத்துவதும் புறங்கையில் இருக்கட்டும். முன்கை நரம்பைக் குத்திக் கெடுத்தால் பிற்பாடு ஃபிஸ்துலா வைக்க நரம்பு கிடைக்காது.

நான்காம் படி: பொய்யாக ஏறும் பொட்டாசியம்

செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. சிவப்பணு உடைந்தால் அது வெளியே கொட்டும், லேப்பில் எண் ஏறும். நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இப்படிப் பொய்யாக ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். டூர்னிகெட்டை நெடுநேரம் கட்டி வைத்து, "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லி, மெல்லிய ஊசியில் பிஸ்டனை வேகமாக இழுத்து, பிறகு அதே ஊசியோடு ட்யூபுக்குள் பீய்ச்சி அடித்தால் எண் ஏறாமல் என்ன செய்யும்? திரும்ப எடுக்கும்போது டூர்னிகெட் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்க்க வேண்டும். கையை ஒருமுறை மூடினால் போதும். ட்ரிப் போகாத கையில் எடுங்கள். மாதிரியைக் கவுண்டரில் மணிக்கணக்கில் கிடக்க விடாமல் அனுப்புங்கள். பிறகு அனுப்பலாம் என்று ஃபிரிட்ஜில் வைப்பது இன்னும் மோசம், குளிரில் செல்லிலிருந்து பொட்டாசியம் கசியும்.

இன்னொரு விஷயம் உண்டு, அதற்கு ஒரு அட்டை கட்டாயம். ஊதா மூடி ட்யூபில் இருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டினால், பொட்டாசியம் பயங்கரமாக ஏறும், கால்சியம் பயங்கரமாக இறங்கும். முன்பக்கம்: "பொட்டாசியம் 11, கால்சியம் 4. நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். ஈசிஜி நார்மல்." பின்பக்கம்: "ஊதா ட்யூப் கலந்திருக்கலாம். மானிட்டர் மாட்டு, டாக்டருக்குச் சொல், புதிதாக ரத்தம் எடு. சிவப்பு முதலில், ஊதா பிறகு."

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஹீமோலைஸ்" என்ற வார்த்தையைக் கேட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. நம் உசிலம்பட்டிக்காரரைப் போன்றவருக்கு ஹீமோலைஸ் ஆன மாதிரியில் 6.9 வந்தால், உண்மையான அளவு 6.4 ஆகவும் இருக்கலாம், 4.8 ஆகவும் இருக்கலாம். ஆகவே மறு மாதிரி போகும்போதே மானிட்டரும் ஈசிஜியும் நடக்க வேண்டும், டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். பிளட் கேஸ் மெஷின் இருந்தால் சில நிமிடத்தில் பொட்டாசியம் தெரிந்துவிடும். ஆனால் அந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பணு உடைந்திருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாது, அதிலும் ரத்தம் பக்குவமாக எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இறங்கிய பொட்டாசியம்

வாந்தி, வயிற்றுப்போக்கு, ஃப்ரூசமைடு, தொடர்ந்து நெபுலைசர், இன்சுலின் ட்ரிப் இவற்றால் இறங்கும். நோயாளி தசை வலுவில்லை, மலச்சிக்கல், வயிறு உப்புசம் என்பார். ஈசிஜியில் டி அலை தட்டையாகும், பின்னால் யு அலை என்று ஒரு சிறு மேடு தெரியும். 3.5க்குக் கீழே என்றால் சொல்ல வேண்டும், 2.5க்குக் கீழே என்றால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு 3.2 கூட ஆபத்துதான்.

இந்த அட்டையில் எண்ணைவிடப் பெரிய விஷயம் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல். 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலென்ட் இருக்கும் ஆம்பியூல்தான் நம் வார்டுகளில் பழக்கம். இதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எந்த உத்தரவு வந்தாலும், எந்த அவசரத்திலும், புஷ் கிடையாது.

கணக்கை அட்டையில் போட்டு வையுங்கள். 500 மில்லி நார்மல் சலைனில் ஒரு ஆம்பியூல் சேர்த்தால் லிட்டருக்கு 40 ஆகிறது. கை நரம்பில் அதற்கு மேல் அடர்த்தி போனால் எரியும், நரம்பு வீங்கிவிடும். அதை இரண்டு மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 10. சாதாரண வார்டில் மானிட்டர் இல்லாமல் போகக்கூடிய வேகம் அதுதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐசியு. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் சேர்க்கச் சொன்னால் ஒருமுறை கேளுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் உடம்பின் இன்சுலினைத் தூண்டி பொட்டாசியத்தை இன்னும் கீழே இறக்கும்.

தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி வைத்து ஏற்றிவிட்டு அப்படியே விடுவது இன்னொரு தப்பு. பொட்டாசியம் கனமானது, அடியில் தங்கி முதல் சில மில்லியிலேயே மொத்தமும் போய்விடும். பாட்டிலை இறக்கி, சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும். ஆரம்பிக்கும் முன் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது போக வேண்டும், இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

இரண்டு மூன்று பாட்டில் போயும் எண் அசையவில்லை என்றால் மக்னீசியம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அது குறைந்திருந்தால் கிட்னி பொட்டாசியத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தக் கட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு தந்திர அட்டை: "சர்க்கரை 480, கீட்டோன் பாசிட்டிவ், பொட்டாசியம் 3.0. இன்சுலின் ட்ரிப் உத்தரவு வந்திருக்கிறது." எல்லோரும் சர்க்கரை 480ஐப் பார்த்து இன்சுலினுக்கு ஓடுவார்கள். பின்பக்கம்: "இன்சுலினைத் தொடங்காதே, பொட்டாசியத்தைச் சொல்." இன்சுலின் போனால் மிச்சமிருக்கும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். 3.3க்கு மேல் ஏற்றிய பிறகுதான் இன்சுலின் என்பது பழைய வரம்பு, புதிய வழிமுறைகளில் அது 3.5.

மற்ற அட்டைகள்

அதே அச்சில் மற்றவற்றையும் எழுதலாம். சர்க்கரை 70க்குக் கீழே, ஆள் நினைவோடு விழுங்குகிறார் என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணியில் திரும்பப் பார்க்க வேண்டும். வெளியே போய் ஜிகர்தண்டா வாங்கி வருகிறேன் என்பார் கூட இருப்பவர். பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது மெதுவாகத்தான் ஏறும், சர்க்கரைத் தண்ணீரே நல்லது. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நரம்பு வழிதான்.

மழைக்காலத்தில் மதுரை வார்டுகளுக்கு டெங்கு அட்டை வேண்டும். பிளேட்லெட் 18,000 என்றால் சதை ஊசி கிடையாது, டைக்ளோஃபெனாக் கிடையாது, ஊசி குத்திய இடத்தை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈறு, மலத்தின் நிறம், தோலில் சிவப்புப் புள்ளி பார்க்க வேண்டும். ஆனால் பக்கத்து வரியில் இருக்கும் ஹீமட்டோகிரிட்டையும் அதே அட்டையில் எழுதுங்கள். காய்ச்சல் விட்ட நேரத்தில் அது முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறி, வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்தால், நீர் ரத்தக்குழாயிலிருந்து கசிகிறது. டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் அதுதான்.

சோடியம் 118 என்றால் முதலில் நினைவையும் வலிப்பையும் பாருங்கள். மூன்று சதவீத சலைன் உத்தரவானால் பம்ப் வழியாக மட்டும், வேகத்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டு கெடும்.

கடைசிப் படி: பழகுவது

தடித்த சார்ட் அட்டை ஒன்று வாங்கிப் போஸ்ட் கார்டு அளவில் வெட்டிக்கொண்டால் போதும், யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும். பொட்டாசியத்துக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு அட்டை ஆகும். அதோடு சில "ஒன்றும் அவசரமில்லை" அட்டைகளையும் கலக்கிவிடுங்கள்: "பொட்டாசியம் 4.9, டயாலிசிஸ் முடிந்து மறுநாள்". எல்லா அட்டையும் அபாயம் என்றே இருந்தால் முன்பக்கத்தைப் படிக்காமலே "டாக்டரைக் கூப்பிடு" என்று வாய் சொல்லப் பழகிவிடும். ஒரு போக்கு அட்டையும் நல்லது: "முந்தாநாள் 4.1, நேற்று 4.7, இன்று 5.3. ஸ்பைரனோலாக்டோன் ஆரம்பித்து மூன்று நாள்." 5.3 தனியாகப் பார்த்தால் லேசானது. ஏறும் வேகமும் மாத்திரையும் சேர்ந்தால் இன்றைய டோஸுக்கு முன்பே சொல்ல வேண்டியது.

ஹாஸ்டலில் இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் லேப் ஆளாக முன்பக்கத்தைப் போனில் சொல்வதுபோல் சொல்லட்டும், மற்றவர் எழுதித் திருப்பி வாசித்துவிட்டு நான்கு வரியையும் சொல்லட்டும். ஒரு வரி விட்டாலும் அட்டை நாளைய கட்டுக்குப் போகிறது. முழுதாகச் சொன்னவை மூன்று நாள் கழித்து, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. வார்டில் உண்மையான கேஸ் பார்த்த அன்று அதையே புது அட்டையாக எழுதலாம், ஆனால் பெயரும் ஐபி நம்பரும் இல்லாமல். வேறு வார்டுக்குப் போஸ்டிங் மாறும்போது நார்மல் அளவு எழுதிய அந்த மூலையையும், அங்கே வைத்திருக்கும் இன்சுலின் வயல் எந்த அளவு என்பதையும் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.